ஓயாத சுற்றில் சிக்காமல் சீட்டுகளை இணைப்பது எப்படி

சீட்டுக் கட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே போகும், தோற்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டிய ரோக்லைக் விளையாட்டுகளில், ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் மூன்று சீட்டுகள் காட்டப்படும். ஆட்டக்காரர் அவற்றில் ஒன்றை எடுக்கலாம், அல்லது எதையும் எடுக்காமல் விடலாம். 2019 ஜனவரியில் முழுமையாக வெளிவந்த ஸ்லே தி ஸ்பையர் பரவலாக்கிய முறை இது. எந்த மூன்று வரும் என்பது யாருக்கும் தெரியாது. அப்படி வந்து சேர்ந்த சீட்டுகள் ஒன்றையொன்று தூண்டி, தனித்தனியாகத் தருவதைவிடக் கூடுதலாகத் தருவதைத்தான் சினர்ஜி என்கிறார்கள். இக்கட்டுரையில் அதை இணைவு என்று குறிப்பிடுகிறேன். புதிதாக விளையாட்டு வடிவமைக்க வருபவர்களுக்கு, எதிர்பாராத இணைவுகள் பிறக்க என்ன செய்ய வேண்டும், அவற்றில் ஒன்று ஓயாத சுற்றாக மாறி ஆட்டத்தையே விழுங்கிவிடாமல் எப்படித் தடுப்பது என்பதை ஒரே எடுத்துக்காட்டின் வழியாகச் சொல்ல முயல்கிறேன்.

எடுத்துக்காட்டு என் சொந்த விளையாட்டு. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், சுற்றிலும் தோட்டங்கள் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு கோட்டையையும் அரக்கனையும் வைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ரப்பர் தோட்டத்தை, எங்கள் பேச்சில் பால்மரக் காட்டை, வைத்து எழுதினேன். ஒரு நாள் என்பது நான்கு முறை. ஒவ்வொரு முறையும் ஐந்து சீட்டுகள் கைக்கு வரும், மூன்று தெம்பு கிடைக்கும். நாள் முடிவதற்குள் தோட்டத்துக் கணக்கரான கிராணி சொன்ன எடைக்குப் பால் சேர்க்க வேண்டும். அடிப்படைச் சீட்டின் பெயர் வெட்டு. ஒரு தெம்பு செலவழித்தால் 4 கிலோ தரும். ஆகவே சாதாரணக் கட்டு ஒரு முறைக்கு அதிகபட்சம் 12 கிலோவும், ஒரு நாளைக்கு 48 கிலோவும் தரும். இந்த 48 என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

முதல் படி: சோடிகளை எழுதாமல் நிகழ்வுகளை எழுதுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் சோடி சோடியாகச் சீட்டு எழுதத் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். "உங்களிடம் வாளி இருந்தால் இந்தச் சீட்டு இரட்டிப்பாகத் தரும்" என்று ஒரு சீட்டில் எழுதிவிட்டு, இது அருமையான இணைவு என்று மகிழ்ந்துபோனேன். காகிதத்தில் அது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆட்டத்தில் அனேகமாக நடக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 60 சீட்டுகள் இருக்கின்றன, எல்லாமே ஒரே அளவு அரிதானவை, ஆட்டம் முழுவதிலும் 15 தடவை மூன்று சீட்டுகள் காட்டப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஒரு சீட்டு ஒரு தடவையாவது கண்ணில் படும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 54. குறிப்பிட்ட இரண்டும் கண்ணில் படும் வாய்ப்பு 29 மட்டுமே. மூன்று சீட்டு சேர்ந்தால்தான் வேலை செய்யும் என்று எழுதினால் அது 15 ஆகிவிடும். அதிலும் முதலில் வந்த சீட்டை, பின்னால் என்ன வரும் என்று தெரியாத நிலையில், ஆட்டக்காரர் எடுத்திருக்க வேண்டும்.

இதற்கு மாற்று, சீட்டுகள் ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைக்காமல், பொதுவான சில நிகழ்வுகளின் வழியாகப் பேசிக்கொள்ளும்படி எழுதுவது. என் விளையாட்டில் நான் தேர்ந்தெடுத்த நிகழ்வுகள் இரண்டுதான். ஒன்று, சீட்டு கழிவது. அதாவது ஆடிய பிறகு அந்த நாள் முழுவதும் திரும்பி வராதபடி ஆட்டத்தை விட்டு நீங்குவது. மற்றொன்று, கூடுதலாகச் சீட்டு எடுப்பது. முறை தொடங்கும்போது வரும் ஐந்து இதில் சேராது. சில சீட்டுகள் இந்த நிகழ்வுகளை உண்டாக்கும், சில அவற்றுக்குப் பலன் தரும். 60 சீட்டுகளில் ஆறு சீட்டுகள் கழிவதை உண்டாக்கினால், அந்த ஆறில் ஒன்றாவது 15 காட்சிகளுக்குள் கண்ணில் படும் வாய்ப்பு நூற்றுக்கு 99. நாம் எழுதாத சோடிகள் தாமாகப் பிறப்பது இங்கிருந்துதான்.

நிகழ்வுகளின் எண்ணிக்கையை மூன்று நான்குக்கு மேல் கூட்டாதீர்கள். பத்து நிகழ்வுகள் இருந்தால் ஒவ்வொன்றும் தனித் தீவாகிவிடும், மறுபடியும் சோடிக் கணக்கில்தான் வந்து நிற்போம்.

இரண்டாம் படி: ஒரு நிகழ்வை உண்டாக்கி மற்றொன்றை வாங்கும் சீட்டு

இணைவில் ஆட்டக்காரரை வியக்க வைப்பது பாலமாக நிற்கும் சீட்டு. ஒரு நிகழ்வு நடந்தால் வேறொரு நிகழ்வை உண்டாக்கும் சீட்டைத்தான் பாலம் என்கிறேன். நான் எழுதியவற்றில் இங்கே தேவைப்படுபவை நான்கு.

ஒட்டுப்பால் என்பது தெம்பு தேவைப்படாத சீட்டு. 1 கிலோ தந்துவிட்டுக் கழிந்துவிடும். எடுபிடி என்பது ஒரு தெம்புச் சீட்டு. வைத்த பிறகு நாள் முழுவதும் களத்தில் நிலைத்திருந்து, எந்தச் சீட்டு கழிந்தாலும் ஒரு சீட்டு எடுத்துத் தரும். முதிய மரம் என்பது இரண்டு தெம்புச் சீட்டு. அதுவும் நிலைத்திருக்கும், கூடுதலாக ஒரு சீட்டு எடுக்கும் ஒவ்வொரு தடவையும் கையில் ஓர் ஒட்டுப்பாலைச் சேர்க்கும். பெரட்டு என்பது தெம்பில்லாச் சீட்டு. கையிலிருந்து மூன்று சீட்டுகள் வரை போட்ட குவியலில் தள்ளிவிடலாம். காலையில் ஆட்களைப் பிரித்து அனுப்பும் பெரட்டை நினைத்து வைத்த பெயர் அது.

எடுபிடியும் முதிய மரமும் பாலங்கள். முதலாவது கழிவதை வாங்கி எடுப்பதைத் தருகிறது. இரண்டாவது எடுப்பதை வாங்கி, கழியக்கூடிய ஒரு சீட்டைத் தருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வட்டம் மூடிக்கொள்வது தெரியும். எழுதிய அன்று எனக்குத் தெரியவில்லை. வெவ்வேறு வாரங்களில், வெவ்வேறு மனநிலையில் எழுதியவை அவை.

மூன்றாம் படி: வட்டம் ஒரு சுற்று வரும்போது கணக்கெழுதுங்கள்

வட்டம் இருப்பதே குற்றம் என்று நினைத்து உடனே சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். வட்டங்கள்தான் ஆட்டக்காரரை எழுந்து உட்கார வைப்பவை. ஒரு சுற்று முடியும்போது எது கூடியது, எது குறைந்தது என்று கடைக் கணக்குப் போல எழுதிப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒன்று குறைந்துகொண்டே போனால், அது தீரும் இடத்தில் வட்டம் நின்றுவிடும். எதுவுமே குறையவில்லை என்றால் அது ஓயாது.

ஒட்டுப்பாலை ஆடுகிறோம், கையில் ஒன்று குறைகிறது, எடை 1 கிலோ கூடுகிறது. அது கழிவதால் எடுபிடி ஒரு சீட்டு எடுத்துத் தருகிறது; கையில் ஒன்று கூடுகிறது. அப்படி எடுத்ததால் முதிய மரம் புது ஒட்டுப்பால் ஒன்றைத் தருகிறது. கையில் மேலும் ஒன்று கூடுகிறது. ஆக ஒரு சுற்றுக்குத் தெம்புச் செலவு எதுவுமில்லை, எடை ஒன்று கூடும், கையில் ஒரு சீட்டு கூடும், எடுக்கும் குவியலில் ஒன்று குறையும். குவியல் தீர்ந்தால் போட்ட குவியலைக் கலைத்து மறுபடி எடுக்கலாம் என்பதால் அது பெரிய தடையாக இராது. உண்மையான தடை கைதான். கையில் பத்துச் சீட்டுகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று விதி வைத்திருந்தேன். ஸ்லே தி ஸ்பையரிலும் அதே பத்துதான். ஒவ்வொரு சுற்றும் கையில் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டே போவதால் ஐந்தாறு சுற்றில் கை நிரம்பி வட்டம் நிற்க வேண்டும்.

அப்படித்தான் நின்றது, என் தம்பி பள்ளி விடுமுறையில் ஆடும் வரையில். அவன் கட்டில் பன்னிரண்டே சீட்டுகள்: எட்டு வெட்டு, மேலே சொன்ன நான்கும் ஒவ்வொன்று. முதல் முறையிலேயே எடுபிடியும் முதிய மரமும் கைக்கு வந்துவிட்டன (பன்னிரண்டில் ஐந்து எடுக்கும்போது குறிப்பிட்ட இரண்டும் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 15, ஆகவே இது பெரிய அதிசயமும் இல்லை). மூன்று தெம்பையும் செலவழித்து இரண்டையும் களத்தில் வைத்தான். இரண்டாம் முறையில் கையில் ஓர் ஒட்டுப்பாலும் வேறு நான்கும் இருந்தன. ஐந்து சுற்று ஓடியதும் கையில் பத்து: ஓர் ஒட்டுப்பால், மீதி ஒன்பதும் கட்டில் மிஞ்சியிருந்த எல்லாச் சீட்டும். அந்த ஒன்பதில் பெரட்டும் இருந்தே தீரும். அதை ஆடி மூன்று வெட்டுகளைத் தள்ளினான். கை ஆறாகக் குறைந்தது. போட்ட குவியலில் பெரட்டையும் சேர்த்து நான்கு. மறுபடி நான்கு சுற்று, 4 கிலோ, கை பத்து, பெரட்டு மறுபடி கையில். இதற்கு முடிவே இல்லை. நான் தேநீர் குடித்துவிட்டு வந்தபோது அவன் இரண்டாம் முறையிலேயே இருந்தான், திரையில் எடை 312 என்று காட்டியது, அவன் முகத்தில் மகிழ்ச்சியைவிடச் சலிப்பே கூடுதலாகத் தெரிந்தது.

அந்தச் சலிப்பைக் கவனியுங்கள். பலம் மிகுந்துபோனதைவிட, ஒரே விரலசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருப்பது ஆட்டத்தை வேகமாகக் கெடுக்கும். ஒரு முறை ஆடி முடிக்க வழக்கத்தைவிடப் பல மடங்கு நேரம் எடுப்பவர் இருந்தால், அவர் அருகில் போய்ப் பாருங்கள்.

கணக்கைத் திரும்பப் பார்த்தால் காரணம் விளங்கும். குறைந்துகொண்டிருந்த ஒரே பொருள் கையின் இடம். பெரட்டு அதை இலவசமாகத் திருப்பித் தந்தது, அதுவும் மறுபடி மறுபடி. இதே நான்கு சீட்டும் இருபது சீட்டுக் கட்டில் இருந்திருந்தால், பெரட்டு கைக்கு வருமுன்பே வேறு சீட்டுகள் கையை நிரப்பி வட்டத்தை நிறுத்தியிருக்கலாம். ஆகவே சோதிக்கும்போது எப்போதும் மெலிந்த கட்டை வைத்துச் சோதியுங்கள். கட்டிலிருந்து சீட்டு நீக்கும் வசதியைக் கடையில் விற்கிறீர்கள் என்றால், அந்த வசதியின் விலையும் இணைவு வடிவமைப்பின் ஒரு பகுதிதான்.

நான்காம் படி: எந்த இடத்தில் முடிச்சுப் போடுவது

இங்கே வழிகள் பல உண்டு, எல்லாமே ஒன்றுபோல நல்லவை அல்ல. ஒட்டுப்பாலுக்கு ஒரு தெம்பு விலை வைத்தால் வட்டம் மூன்றே சுற்றில் செத்துவிடும். ஓயாத சுற்றோடு வியப்பும் போய்விடும். முதிய மரம் ஒரு முறைக்கு இத்தனை தடவைதான் வேலை செய்யும் என்று எண்ணிக்கை எழுதலாம். அது பாதுகாப்பானது, ஆனால் எல்லாச் சீட்டிலும் அப்படி எழுதத் தொடங்கினால் படிப்பவருக்கு அலுவலகச் சுற்றறிக்கை படிப்பது போல இருக்கும். ஆட்டத்தின் சில இடங்களில் மட்டும் தடை வைப்பது இன்னொரு வழி. ஸ்லே தி ஸ்பையரின் மூன்றாம் கட்டத் தலைமை எதிரிகளுள் ஒன்றான டைம் ஈட்டர், நாம் பன்னிரண்டு சீட்டுகள் ஆடியதும் நம் முறையை முடித்துவிடும். மிக அழகான தடை அது. எனினும் அந்த எதிரியைச் சந்திக்காத ஆட்டங்களுக்கு அது உதவாது என்பதால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

நான் முடிச்சைப் பெரட்டில் போட்டேன்: ஆடியதும் அதுவே கழிந்துவிடும் என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். வட்டத்தின் இரண்டு பாலங்களையும் தொடாமல், தீர வேண்டிய பொருளைத் திருப்பித் தரும் சீட்டை மட்டும் தொடுவது என்பதே இதில் என் கொள்கை. பாலங்கள் மற்ற சீட்டுகளோடும் சேர வேண்டியவை. அவற்றை வெட்டினால் இன்னும் பிறக்காத இணைவுகளும் சேர்ந்து செத்துவிடும்.

இனி தம்பியின் அதே ஆட்டத்தைப் புது விதியில் ஓட்டுவோம். இரண்டாம் முறையில் ஐந்து சுற்று ஓடி, 5 கிலோவும் பத்துச் சீட்டும். பெரட்டை ஆடி மூன்றைத் தள்ளினால் கையில் ஆறு. ஆனால் பெரட்டே கழிவதால் எடுபிடி ஒன்றை எடுத்துத் தரும், முதிய மரம் ஓர் ஒட்டுப்பாலைத் தரும், ஆகவே கையில் எட்டு, அவற்றில் இரண்டு ஒட்டுப்பால். மேலும் இரண்டு சுற்று ஓடினால் எடுக்க எதுவும் மிஞ்சாது. இப்போது மூன்று தெம்புக்கு மூன்று வெட்டு ஆடினால், 12 கிலோவோடு மூன்று சீட்டுகள் போட்ட குவியலுக்குப் போகும், அவை மூன்று சுற்றுக்கு இரையாகும். கடைசியில் கையிலுள்ள இரண்டு ஒட்டுப்பாலையும் ஆடிவிட்டால் மொத்தம் 24 கிலோ; வழக்கமான 12க்குச் சரியாக இரண்டு மடங்கு.

நான் அன்று இதோடு நிறுத்தி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். நாள் முழுவதையும் கூட்டிப் பார்க்கவில்லை. முதல் முறை முழுவதும் சீட்டு வைப்பதிலேயே போனதால் அதில் சுழியம். இரண்டாம் முறை 24. மூன்றாவதும் நான்காவதும், தூண்டிவிட ஒட்டுப்பால் இல்லாததால், 12, 12. மொத்தம் 48. நான்கு சீட்டுகளைத் தேடிச் சேர்த்து, நல்ல கையும் அமைந்து, கடைசியில் வெறும் வெட்டை மட்டும் ஆடியவருக்குக் கிடைக்கும் அதே 48. முறிந்த இணைவைச் சரிசெய்யப் போய், யாரும் எடுக்க விரும்பாத இணைவை உண்டாக்கியிருந்தேன். இந்த இரண்டாவது குற்றம் சத்தமில்லாதது. ஆட்டம் உறையாது, யாரும் புகார் சொல்ல மாட்டார்கள், அந்தச் சீட்டை எடுப்பதை மட்டும் நிறுத்திவிடுவார்கள்.

ஐந்தாம் படி: முறையைக் கணக்கிடாமல் நாளைக் கணக்கிடுங்கள்

இதற்கு விடை பக்கத்து வீட்டு மாமாவிடமிருந்து வந்தது. முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். அட்டைப்பெட்டியில் வெட்டிய சீட்டுகளை வைத்து அவரோடு ஆடிக்கொண்டிருந்தபோது, முறை முடிவில் ஒட்டுப்பாலையும் மற்றவற்றோடு நான் வாரி எடுப்பதைப் பார்த்துக் கையைத் தடுத்தார்.

"ஏன்யா, ஒட்டுப்பால அன்னிக்கே எப்படி எடுப்ப? கோட்டுல ஒட்டிக் காயணும். அடுத்த வெட்டுக்குப் போறப்பதான் உரிச்சி எடுப்போம்."

அவர் சொன்னது மரத்தைப் பற்றி. நான் அதை விதியாக எழுதினேன்: ஆடாத ஒட்டுப்பால் முறை முடிந்தாலும் கையில் தங்கும். கணக்கு உடனே மாறியது. இரண்டாம் முறையின் இறுதியில் அந்த இரண்டு ஒட்டுப்பாலை ஆடாமல் வைத்துக்கொண்டால் 22 கிலோ. மூன்றாம் முறை ஐந்து புதுச் சீட்டும் இரண்டு ஒட்டுப்பாலுமாகத் தொடங்கும். ஆறு சுற்றும் மூன்று வெட்டும் சேர்ந்து 18 கிலோ, கையில் மறுபடி இரண்டு ஒட்டுப்பால். நான்காம் முறையில் அவற்றையும் ஆடிவிடலாம் என்பதால் 20. ஆக மொத்தம் 60. சாதாரணக் கட்டைவிடக் கால் பங்கு கூடுதல், அதற்கு மேல் போகாது. ஏனெனில் பெரட்டு போய்விட்டது, தெம்பு மூன்றுதான், கை பத்துதான். இதற்குமேல் ஆட்டக்காரருக்கு ஒரு முடிவும் கிடைக்கிறது: இந்த இரண்டை இப்போதே ஆடுவதா, அடுத்த முறையின் தூண்டுதலுக்கு வைப்பதா என்று ஒவ்வொரு முறையும் அவர் யோசிக்க வேண்டும்.

கால் பங்கு போதுமா என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். என் கணிப்பில், இப்படிப்பட்ட இணைவு நல்ல கையோடு அமைந்தால் கால் முதல் பாதி வரை கூடுதலாகத் தரலாம். இரண்டு மடங்கைத் தாண்டினால் மற்ற எல்லாக் கட்டும் அதற்கு முன் அற்பமாகத் தோன்றும். இந்த அளவை மனத்தில் வைத்திருப்பவர்கள் பெருக்கல் சீட்டுகளிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கூட்டல் சீட்டு நான்கு சேர்ந்தாலும் ஏணிபோல ஏறும். "இரட்டிப்பாகும்" என்னும் சீட்டு நான்கு சேர்ந்தால் பதினாறு மடங்கு. 2024இல் வந்த பலாட்ரோ போல, பெருக்கலையே மையமாக வைத்து, இலக்குகளையும் அதற்கேற்ப வேகமாக ஏற்றினால் அது பொருந்தும். இலக்கு மெல்ல ஏறும் ஆட்டத்தில் பெருக்கல் சீட்டை ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: நீங்கள் காணாத வட்டத்தைக் கணினி காணட்டும்

60 சீட்டில் மூன்று மூன்றாகச் சேரும் கூட்டங்கள் 34,220. கையால் முடியாது. மிக எளிய ஒரு தானியங்கி ஆட்டக்காரரை எழுதுங்கள்: தெம்பில்லாச் சீட்டு கையில் இருந்தால் முதலில் அதை ஆடும், இல்லையேல் ஆட முடிந்த ஏதாவது ஒன்றை ஆடும். அதற்குப் புத்தி தேவையில்லை, பேராசை மட்டும் போதும். பன்னிரண்டு சீட்டுக் கட்டுகளைத் தற்செயலாக அமைத்து அதை இரவு முழுவதும் ஓட விட்டு, ஒரே முறையில் ஆடிய சீட்டுகள் அளவுக்கு மீறினால் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

```python
played += 1
if played > 60:
    print(seed, turn, history[-8:])
    break
```

மேலே கணக்கிட்ட பெரிய முறையிலேயே ஆடியவை பதினாறு சீட்டுகள்தான். ஆகவே 60ஐத் தாண்டியது அனேகமாக ஓயாத சுற்றாகவே இருக்கும். `seed` எண்ணைச் சேமிக்க மறக்காதீர்கள். அதே எண்ணைக் கொடுத்தால் அதே கலைப்பும் அதே ஆட்டமும் திரும்ப வர வேண்டும், அப்படி வராவிட்டால் கண்டுபிடித்த குற்றத்தைத் திரும்பக் காண முடியாது. `history` காட்டும் கடைசி எட்டுச் சீட்டுகளில் வட்டம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும். பிறகு மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய், அந்த வட்டத்துக்குக் கணக்கெழுத வேண்டும்.

இந்தத் தானியங்கி காணாதது, 48ஆகச் சுருங்கிப்போன இணைவைப் போன்ற சத்தமில்லாத குற்றங்களை. அவற்றுக்கு மனிதர்கள் ஆடிய ஆட்டங்களின் பதிவு தேவை: ஒரு சீட்டு எத்தனை தடவை காட்டப்பட்டது, எத்தனை தடவை எடுக்கப்பட்டது, எடுத்தவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள். ஸ்லே தி ஸ்பையரை உருவாக்கியவர்களும் முழு வெளியீட்டுக்கு முந்தைய காலத்திலேயே ஆட்டக்காரர்களின் பதிவுகளைத் திரட்டித்தான் சீட்டுகளைத் திருத்தினார்கள். நம்மிடம் அத்தனை பேர் இல்லை. எனக்கு இருப்பவர்கள் தம்பி, அவன் நண்பர்கள் நால்வர், மாமா. அவர்கள் ஆட்டங்களை ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணுகிறேன். முதிய மரம் பதினொரு தடவை காட்டப்பட்டு ஒரே தடவை எடுக்கப்பட்டிருந்தது; ஒட்டுப்பால் விதியை மாற்றிய பிறகு ஒன்பது தடவை காட்டப்பட்டதில் நான்கு தடவை எடுத்திருக்கிறார்கள். அப்படி எடுத்தவர்களில் ஒருவர், நான் சற்றும் நினைத்திராத மழைக்காப்புச் சீட்டோடு அதைச் சேர்த்து 71 கிலோ எடுத்திருக்கிறார். அந்த வட்டத்துக்கு இன்னும் கணக்கெழுதவில்லை.